நாற்பத்தொன்பதும் அறுபத்து மூன்றும்
ஆலங்காயத்து ஆசிரியை ஒருவர் மாத்திரைப் பெட்டியைக் கையாளக் கற்ற கதை

ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள ஆலங்காயத்திலிருந்து அந்த ஆசிரியை முதன்முறை எங்களிடம் வந்தபோது அவரால் படுத்து உறங்க இயலவில்லை. நான்கு இரவுகளாக நாற்காலியில் சாய்ந்தபடியே கழித்திருந்தார். இரு கால்களும் முழங்கால் வரை வீங்கியிருந்தன. வயது அறுபத்தொன்பது. மலைக்கிராமப் பள்ளியிலும் பின்னர் ஊரிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய இசைவுடனேயே இதை எழுதுகிறோம். பெயரை மட்டும் தவிர்க்கிறோம். எங்கள் வார்டில் எல்லோரும் அவரை "டீச்சர்" என்றே அழைத்தனர்.

இதயம் இரத்தத்தைப் போதிய வலுவுடன் செலுத்த இயலாத நிலை, அதாவது இதயச் செயலிழப்பு, அவருக்கு ஏற்பட்டிருந்தது. எட்டு நாள் சிகிச்சையில் தேங்கிய நீர் வடிந்தது, மூச்சு சீரானது. பழைய மாத்திரைகளைப் பற்றி விசாரித்தபோது அவர் ஒளிக்காமல் சொன்னார்: காலை மாத்திரையை மறப்பதில்லை, இரவு மாத்திரை வாரத்தில் மூன்று நாளாவது விட்டுப்போகும், வெளியூர் சென்றால் எதுவுமே இல்லை. ஆகவே வீடு திரும்பும் நாளில், வாராந்திர மாத்திரைப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளுமாறு அவருடைய மகனிடம் கூறினோம். ஏழு நாள்களுக்கு, காலை, மதியம், இரவு என இருபத்தொரு அறைகள் கொண்ட பெட்டி அது. வாங்கச் சொன்னோமே தவிர, அதை எப்படி நிரப்புவது என்று யாரும் அமர்ந்து கற்றுத் தரவில்லை. அந்தக் குறை எங்களுடையது.

ஆறாம் நாள்

வெள்ளிக்கிழமை மாலை வீடு சேர்ந்தார்கள். அன்றிரவே மகன் பெட்டியை நிரப்பினார். சனிக்கிழமை காலை முதல் டீச்சர் ஒரு வேளையும் தவறவில்லை. அடுத்த வியாழக்கிழமை விடியற்காலை கழிவறைக்குச் செல்ல எழுந்தவருக்குக் கண் இருண்டது. சுவரைப் பிடித்தபடி சரிந்து அமர்ந்தார். நல்லவேளையாக எலும்பு எதுவும் முறியவில்லை.

எங்களிடம் கொண்டு வந்தபோது, படுத்திருக்கையில் இரத்த அழுத்தம் 98/60 இருந்தது. எழுந்து நின்றதும் 78/50 ஆக இறங்கியது. இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.9 என வந்தது. அது பொதுவாக 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது. இன்னும் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். மருந்தை ஒழுங்காக உட்கொண்ட ஒருவருக்கு ஏன் இப்படி ஆனது?

விடை, அவர்கள் கையோடு எடுத்து வந்த பெட்டிக்குள் இருந்தது. வியாழன், வெள்ளி ஆகிய இரு நாள்களின் அறைகள் இன்னும் திறக்கப்படாமல் இருந்தன. வியாழன் காலை அறையைத் தட்டில் கவிழ்த்தோம். எங்கள் விடுவிப்புக் குறிப்பின்படி அதில் மூன்று மாத்திரைகள் இருக்க வேண்டும், நான்கு இருந்தன. இரவு அறையிலும் மூன்றுக்குப் பதில் நான்கு. கூடுதலாக இருந்தது எனலாப்ரில் என்னும் பழைய இரத்த அழுத்த மாத்திரை. அதை நிறுத்திவிட்டு, அதே குடும்பத்தைச் சேர்ந்த ராமிப்ரிலை நாங்கள் புதிதாக எழுதியிருந்தோம். இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. இரண்டுமே பொட்டாசியத்தை ஏற்றுபவை. கூடவே கொடுத்திருந்த ஸ்பைரனோலாக்டோனும் அதையே செய்யும். மூன்றும் ஒன்றுசேர்ந்து ஐந்து நாள்கள் தவறாமல் உள்ளே சென்றிருந்தன.

மகன் மீது பிழையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் கீழ் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. டீச்சர் வார்டில் இருந்த வாரத்தில், வழக்கம்போல் அடுத்த மாதத்துக்கான எனலாப்ரிலை வீட்டில் தந்துவிட்டுப் போயிருந்தார் தன்னார்வலர். நாங்கள் மருந்தை மாற்றிய செய்தி அவருக்கு எட்டவில்லை. எங்கள் குறிப்பிலோ உட்கொள்ள வேண்டிய மருந்துகளின் பட்டியல் இருந்தது. நிறுத்த வேண்டியவற்றின் பட்டியல் இல்லை. போதாததற்கு ராமிப்ரிலை நிறுவனம் வைத்த வணிகப் பெயரில் எழுதியிருந்தோம். வேறு வேறு பெயருள்ள இரண்டு அட்டைகளைக் கண்ட மகன், இரண்டுமே தேவை என்று எண்ணியதில் வியப்பில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டீச்சர் முன்போல் மறதியோடு இருந்திருந்தால் இரட்டை மருந்தின் விளைவு இவ்வளவு விரைவில் வெளிப்பட்டிருக்காது. உள்ளே வைத்ததைப் பெட்டி அப்படியே நாள் தவறாமல் கொடுக்கும்; சரியை மட்டுமல்ல, பிழையையும். மறதியைப் போக்குவது பெட்டி. பிழையைத் தடுக்க வேண்டியது அதை நிரப்பும் கை.

தரையில் மூன்று குவியல்

எனலாப்ரில் நிறுத்தப்பட்டது, ஸ்பைரனோலாக்டோனைச் சில நாள்கள் தள்ளிவைத்தோம். மூன்றாம் நாள் பொட்டாசியம் 4.8 ஆக இறங்கியது. இம்முறை வீட்டுக்கு அனுப்புமுன், வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வருமாறு மகனிடம் சொன்னோம். எங்கள் மருந்தாளுநர் டீச்சருடன் அமர்ந்தார். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆனது. பெட்டியை நிரப்பியது டீச்சரின் கைகளே. மருந்தாளுநர் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். நீங்களும் இதே வரிசையில் செய்யலாம்.

முதலில் ஒரு விரிப்பில் எல்லா அட்டைகளையும் பரப்பி மூன்று குவியலாகப் பிரித்தார்கள்: தொடர வேண்டியவை, நிறுத்தியவை, ஐயத்துக்குரியவை. பிரிப்பதற்கு வணிகப் பெயரைப் பார்க்கக் கூடாது. அட்டையின் பின்புறத்தில் மருந்தின் மூலப்பெயர் அச்சிடப்பட்டிருக்கும். இந்திய மருந்து நூலின் தரத்தைக் குறிக்கும் ஐ.பி. என்னும் எழுத்துகள் பெரும்பாலும் அதன் அருகே இருக்கும். அந்தப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் குறிப்போடு ஒப்பிட வேண்டும். மூலப்பெயர்களின் ஈற்றைக் கவனித்தால் குடும்பம் தெரியும். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் எல்லாம் "ப்ரில்" குடும்பம். மெட்டோப்ரோலால், அட்டினாலால் இரண்டும் "லால்" குடும்பம். ஒரு குடும்பத்திலிருந்து இருவர் ஒரே பெட்டியில் இருந்தால் நிரப்புவதை நிறுத்திவிட்டு எங்களைக் கேட்க வேண்டும்.

இதைக் கேட்ட டீச்சர் எனலாப்ரில் அட்டையை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "இத்தனை மாசமா முன்பக்கத்த மட்டுந்தான் பார்த்திருக்கேன், சார். கணக்குல விடையை மட்டும் பார்த்துட்டு வழிமுறையைப் பார்க்காத மாதிரி" என்றார்.

நிறுத்திய குவியலை வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்றோம். "தேவைப்பட்டால் உதவுமே" என்று எடுத்து வைக்கும் பழைய அட்டையே அடுத்த பிழைக்கு விதை. அவற்றை எங்கள் மருந்தகத்திலேயே ஒப்படைத்தார். புதிய பட்டியலின் நகல் ஒன்றைத் தன்னார்வலரிடம் காட்டுவதற்காகத் தனியே கொடுத்தோம்.

அட்டவணையும் கூட்டுத்தொகையும்

பிறகு ஒரு தாளில் அட்டவணை போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பாடவேளை அட்டவணை எழுதிய கைக்கு அது எளிதாக இருந்தது. காலை உணவுக்குப்பின் ஃபியூரோசமைடு, மெட்டோப்ரோலால், மெட்ஃபார்மின் என மூன்று. மதியம் ஸ்பைரனோலாக்டோன் ஒன்று. இரவு உணவுக்குப்பின் மெட்ஃபார்மின், ராமிப்ரில், அடோர்வாஸ்டாட்டின் என மூன்று. ஒரு நாளைக்கு ஏழு; ஏழு நாள்களுக்கு நாற்பத்தொன்பது.

அந்த எண்ணைத் தாளின் அடியில் வட்டமிட்டு எழுதச் சொன்னார் மருந்தாளுநர். டீச்சர் எழுதினார், சற்று நேரம் அதையே பார்த்துவிட்டுப் பக்கத்தில் 63 என்று எழுதினார். நாளொன்றுக்கு இரண்டு எனலாப்ரில் கூடியதால் முதல் வாரப் பெட்டியில் இருந்தவை அறுபத்து மூன்று. "எண்ணிப் பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார். உண்மைதான். மருந்துகளின் பெயர் வாயில் நுழையாவிட்டாலும், வாரத்துக்கு எத்தனை மாத்திரை என்னும் ஒரே எண்ணை எந்தக் குடும்பமும் நினைவில் வைக்கலாம். நிரப்பிய பின் எண்ணுங்கள். கூடினாலும் குறைந்தாலும், காரணம் தெரியும்வரை பெட்டியைப் பயன்படுத்த வேண்டாம்.

நிரப்பும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பலரும் ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் திங்களுக்குச் செல்வர். நடுவில் தொலைபேசி ஒலித்தால் எங்கே விட்டோம் என்பது மறந்துபோகும். மாறாக, ஒரு மருந்தை எடுத்து அதை ஏழு நாள்களுக்கும் இட்டு முடித்து, அந்த அட்டையை இடப்பக்கம் ஒதுக்கிய பிறகே அடுத்த மருந்தைத் தொட வேண்டும். ஏழு அறைகளில் ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தால் கண்ணே காட்டிக்கொடுக்கும்.

இரண்டு இடங்களில் டீச்சர் தடுமாறினார். பெட்டி வெண்ணிறம், மாத்திரைகளில் பாதி வெண்ணிறம். கண்புரை தொடங்கியிருந்த கண்ணுக்கு அறையில் ஒன்று கிடக்கிறதா இரண்டா என்று தெரியவில்லை. எனவே ஒவ்வோர் அறையின் அடியிலும் கருநீலக் காகிதத்தை வெட்டி ஒட்டினோம். இரண்டாவது, மூடிகளின் மேல் இருந்த ஆங்கில எழுத்துகள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் ஒரே எழுத்து. சனிக்கும் ஞாயிறுக்கும் ஒரே எழுத்து. அவற்றின் மீது ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று டீச்சரே எழுதி ஒட்டினார். தமிழில் ஏழும் வெவ்வேறு.

மூட்டுத் தேய்மானத்தால் கட்டைவிரல் வலித்ததால் மூடியைத் திறப்பதும் கடினமாக இருந்தது. தேக்கரண்டியின் காம்பால் நெம்பித் திறக்கப் பழகினார். எவர்சில்வர் தட்டுக்கு மேலே வைத்தே திறப்பார். மாத்திரை நழுவினால் ஓசை கேட்கும். தரையில் உருண்டு தொலையாது.

பெட்டிக்குள் போகாதவை

எல்லா மருந்துக்கும் பெட்டி உகந்ததன்று. டீச்சரின் தைராக்சின் மாத்திரை ஒளியும் ஈரமும் பட்டால் வீரியம் குறையும். அதைத் தன் குப்பியிலேயே விட்டுவிட்டோம். வெறும் வயிற்றில் உட்கொள்வது என்பதால் பல் துலக்கும் தூரிகைக்கு அருகே குப்பி நிற்கிறது. அதுவே அதற்கான நினைவூட்டல். நெஞ்சுவலி வந்தால் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை, வலிப்புக்கான வால்ப்ரோயேட் போன்று ஈரத்தை உறிஞ்சுபவை, தேவைப்படும்போது மட்டும் உட்கொள்பவை ஆகியவையும் பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டியவை. முடக்குவாதத்துக்காக வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட்டைத் தவறுதலாக ஏழு அறைகளிலும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதை ஒருபோதும் பிறவற்றோடு நிரப்ப வேண்டாம்.

ஈரத்துக்கு அஞ்சி, அட்டையைத் துண்டு துண்டாகக் கத்தரித்துத் தாளோடு பெட்டியில் போடுவோரும் உண்டு. அரைத்தூக்கத்தில் அந்தத் துண்டோடு விழுங்கிவிட்டால் அதன் கூரிய விளிம்பு உணவுக்குழாயைக் கிழிக்கும். உறை நீக்கியே போடுங்கள்; உறை நீக்கக் கூடாத மருந்தானால் பெட்டியில் போடாதீர்கள். ஒரு வாரத்துக்கு மேல் நிரப்பி வைக்க வேண்டாம். பெட்டியை அடுப்பருகிலோ சன்னலோரத்திலோ வைக்க வேண்டாம். இதன் மூடி குழந்தைகளுக்கும் எளிதில் திறக்கும். பேரக் குழந்தைகள் வரும் வீட்டில் கைக்கெட்டாத உயரம் தேவை. காலியாகாத அட்டைகளைத் தூக்கி எறியாதீர்கள். பெட்டியில் கிடக்கும் மாத்திரை எது என்று அடையாளம் காண அவையே சான்று.

திறக்கப்படாத அறை

இரண்டாம் வாரத்தில் டீச்சரிடமிருந்து தொலைபேசி வந்தது. வாணியம்பாடியில் உறவினர் திருமணத்துக்குச் சென்றவர் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டார். திரும்பியபோது இரவு எட்டு மணி. காலை அறையும் மதிய அறையும் நிறைந்து கிடந்தன. மூன்றையும் சேர்த்து உட்கொள்ளலாமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றோம். காலை மருந்து அன்று நண்பகலுக்குள் நினைவுக்கு வந்தால் உட்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். ஈடுகட்ட இரட்டிப்பாக எடுக்கக் கூடாது. ஃபியூரோசமைடை இரவில் உட்கொண்டால் சிறுநீருக்காகப் பலமுறை எழ நேரிடும். இருட்டில் விழுவதற்கு அது ஒன்றே போதும். இவை டீச்சரின் மருந்துகளுக்கான விதிகள். உங்கள் மருந்துகளுக்கு என்ன விதி என்பதை விடைபெறும் நாளிலேயே எங்களிடம் கேட்டு, அட்டவணையின் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள்.

விட்டுப்போன மாத்திரைகளை என்ன செய்வது என்று அடுத்துக் கேட்டார். எடுத்து எறியாமல் அதே அறையில் விட்டுவைத்து, மறு பரிசோதனைக்கு வரும்போது பெட்டியோடு கொண்டு வரச் சொன்னோம். சிரித்தார். "வராத பிள்ளைக்கு வருகை போடக் கூடாது, அப்படித்தானே?" என்றார். அப்படியேதான். காலியான பெட்டியைக் காட்டினால், மருந்து முழுதும் உள்ளே சென்றும் நோய் கட்டுப்படவில்லை என்று எண்ணி நாங்கள் அளவைக் கூட்டிவிடுவோம். அந்தக் கூடுதல் அளவு, பின்னாளில் ஒழுங்காக உட்கொள்ளத் தொடங்கும்போது தலைசுற்றலாகத் திரும்பி வரும். இதே காரணத்தால், புதிதாகப் பெட்டிக்கு மாறுவோர் முதல் இரண்டு வாரங்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். எழுந்ததும் கண் இருள்வது, உடல் வியர்த்து நடுங்குவது, நாடி வெகுவாகக் குறைவது ஆகியவை தெரிந்தால், பெட்டியைத் திறக்குமுன் எங்களை அழையுங்கள்.

இன்னொன்றையும் டீச்சரிடம் சொல்லி வைத்தோம். உடம்பு இன்று எப்படி இருக்கிறது என்பது பெட்டிக்குத் தெரியாது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து உடலில் நீர் வற்றும் நாளில், ஃபியூரோசமைடு, ஸ்பைரனோலாக்டோன், ராமிப்ரில், மெட்ஃபார்மின் ஆகியவை உடலுக்குத் தீங்காகலாம். அன்றே அழைத்துக் கேட்டால் எவற்றை எத்தனை நாள் நிறுத்துவது என்று சொல்வோம். அட்டவணையும் அட்டைகளும் கையில் இருந்தால்தான் கலந்து கிடக்கும் மாத்திரைகளிலிருந்து அந்த நான்கை மட்டும் பிரிக்க முடியும். மருந்து மாறினாலும் பெட்டியிலிருந்து ஒன்றிரண்டைப் பொறுக்கி எடுக்காமல், முழுதும் கவிழ்த்து, புதிய பட்டியல்படி மீண்டும் நிரப்பி, புதிய எண்ணை எழுத வேண்டும்.

நினைவாற்றல் மங்கியவர்களுக்குப் பெட்டியை மட்டும் கொடுத்துவிட்டு இருந்துவிடக் கூடாது. இன்று என்ன கிழமை என்பதில் குழப்பம் உள்ளவர் ஒரே நாளில் மூன்று நாள் அறைகளைத் திறந்துவிடலாம். அவர்களுக்கு வீட்டார் ஒருவரே வேளைதோறும் எடுத்துத் தர வேண்டும். பெட்டி அவர் பொறுப்பில் இருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து

மறு பரிசோதனைக்கு டீச்சர் வந்தபோது இரத்த அழுத்தம் 118/70, நின்றபோது 112/70. பொட்டாசியம் 4.6. கால் வீக்கம் இல்லை. இரண்டு தலையணையோடு படுத்து உறங்குவதாகச் சொன்னார்.

பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். கூடவே ஒரு பழைய வருகைப் பதிவேடும் இருந்தது. மூன்று வாரங்களின் இருபத்தொரு நாள்களுக்கும் மும்மூன்று கட்டங்கள். திருமண நாளின் இரு கட்டங்களில் மட்டும் சிவப்பு மையில் சுழி. ஒவ்வொரு வாரத்தின் தொடக்கத்திலும் ஓர் எண்: முதலிரு வாரங்களில் 49, மூன்றாவதில் 48.

நாற்பத்தெட்டு ஏன் என்று கேட்டோம். சனிக்கிழமை நிரப்பி எண்ணியபோது ஒன்று குறைந்ததாம். எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்ததில் ஸ்பைரனோலாக்டோன் அட்டையில் ஆறுதான் மீதம் இருந்தது தெரிந்தது. மகனை ஞாயிறன்று கடைக்கு அனுப்பி வாங்கிப் போட்டுவிட்டு, 48க்குப் பக்கத்தில் சிறிதாக "+1" என்றும் எழுதியிருந்தார்.

அடுத்த முறை எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும்போது நீங்களும் பெட்டியைக் கையோடு கொண்டு வாருங்கள். மிச்சம் இருந்தாலும் அப்படியே கொண்டு வாருங்கள். மருந்துச் சீட்டைப் பார்க்குமுன் அதையே முதலில் திறந்து பார்க்க விரும்புகிறோம்.